அண்ணாச்சியின் 13 பிபிஎம்

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணி இருக்கும். தாராவி 90 அடி சாலைப் பக்கம், பீடி புகையிலையை விட உதவும் எங்கள் சின்ன ஆலோசனை அறைக்குள் அண்ணாச்சி வந்தார். செருப்பை வாசலில் விட்டார், நாற்காலியில் உட்கார்ந்தார், ஒன்றுமே பேசவில்லை. பின்னாலேயே அவருடைய பையன். கல்லூரியில் இரண்டாம் வருடம். அவன் உட்காரக்கூட இல்லை. கையிலிருந்த ஃபைலை என் மேசையில் வைத்துவிட்டு, "நீங்களே பாருங்க அண்ணே. 24 நாளா எங்க எல்லாரையும் ஏமாத்திட்டு இருக்காரு" என்றான்.

ஃபைலில் இரண்டு முடிவுகள். மூச்சில் கார்பன் மோனாக்சைடு 13 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 13 பங்கு. சிறுநீரில், நிகோட்டினிலிருந்து உடம்பில் உண்டாகும் கோட்டினின் 'பாசிட்டிவ்'. கீழே பேனாவால் 'புகைப்பதை நிறுத்தவில்லை, அறுவை சிகிச்சை ஒத்திவைப்பு' என்று எழுதியிருந்தது.

அண்ணாச்சிக்கு வயது 54. ஊர் திருநெல்வேலிப் பக்கம். 30 வருடமாகத் தாராவியில் இட்லி போடுகிறார். ராத்திரி இரண்டரை மணிக்கு அடுப்பு மூட்டுவார், விடிந்ததும் அலுமினியப் பாத்திரத்தை சைக்கிளில் கட்டிக்கொண்டு ஹார்ன் அடித்தபடி கிளம்புவார். பழைய அறுவை சிகிச்சைத் தழும்பில் குடலிறக்கம் வந்திருந்தது. அதைத் தைப்பதற்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே பீடியை விட வேண்டும் என்று அறுவை மருத்துவர் சொல்லியிருந்தார். அது நியாயமான கண்டிப்புதான். புகைக்கிறவர்களுக்குத் தையல் ஆறுவது தாமதமாகும், புண்ணில் சீழ் பிடிப்பதும் குடலிறக்கம் திரும்ப வருவதும் அதிகம். அதற்காகத்தான் அண்ணாச்சி என்னிடமே வந்தார். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடித்த மனிதர். 24 நாளாக 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம்மை வைத்துக்கொண்டு சமாளித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, மெசின் பொய் சொல்லுமாய்யா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மெஷின் பொய் சொல்லவில்லை. 13 என்றால் 13தான். ஆனால் அந்த 13 எந்தக் கேள்விக்குப் பதில் என்பதை அந்த மருத்துவமனையில் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. இந்த வேலையில் நான் இருக்கும் வருடங்களில் ஒருவருடைய சொல்லையும் ஒரு எண்ணையும் எதிரெதிரே நிறுத்தி, எண் ஜெயித்ததாக அறிவிப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அண்ணாச்சி விஷயத்தில் அதை முழுதாகப் பிரித்துப் பார்க்க நேரம் கிடைத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மூச்சுச் சோதனை. கைக்கடக்கமான கருவி, முனையில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் அட்டைக் குழாய். ஆழமாக மூச்சை இழுத்து 15 விநாடி அடக்க வேண்டும். கருவியே எண்ணிக் காட்டும். அப்புறம் குழாயில் வாயைப் பொருத்தி மெதுவாக, நெஞ்சு காலியாகும்வரை ஊத வேண்டும். அந்த 15 விநாடியில்தான் ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு நுரையீரலின் அடி ஆழத்துக் காற்றோடு சமநிலைக்கு வருகிறது. ஊதும்போது கடைசியாக வெளியே வருவது அந்த அடி ஆழத்துக் காற்று. பாதி ஊதிவிட்டு நிறுத்தினால், அடக்காமல் சட்டென்று ஊதினால், எண் குறைந்து காட்டும். மறைக்க நினைப்பவர்கள் செய்வது இதைத்தான். பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்: தோள் இறங்காது, வயிறு உள்ளே போகாது.

கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் போய் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் அதிக இறுக்கத்தோடு. ஆனாலும் அது நிரந்தரமாக இருப்பதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு ஏறக்குறைய நான்கு, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஓடியாடி வேலை செய்தால் வேகமாகவும், தூக்கத்தில் மெதுவாகவும் இறங்கும். அப்படியானால் 30 பிபிஎம் இருக்கிறவர் ஒரு முழு நாள் புகை படாமல் இருந்தால் மறுநாள் இரண்டு, மூன்றில் வந்து நிற்பார். அதாவது இந்தச் சோதனைக்கு ஞாபகம் ஒரு நாள்தான். சோதனைக்கு முந்தைய நாள் மட்டும் பீடியைத் தொடாமல் வந்தவரும், ஆறு மாதமாகத் தொடாதவரும் இதற்கு ஒன்றுதான்.

எந்த எண்ணுக்கு மேல் போனால் புகைக்கிறார் என்று வைத்துக்கொள்வது? நிகோட்டின், புகையிலை ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் 2002-ல் 8 முதல் 10 பிபிஎம் என்று சொன்னது. 2020-ல் அதையே 5 முதல் 6 என்று இறக்கினார்கள். மேலை நாடுகளில் சுற்றுப்புறக் காற்றிலும் மற்றவர் விடும் புகையிலும் கார்பன் மோனாக்சைடு குறைந்துவிட்டது, அதனால் 7, 8 காட்டும் லேசான புகைப்பாளரைத் தவறவிடக் கூடாது என்பது காரணம். அங்கே அது சரி. விறகடுப்பு வைத்துப் பிழைக்கும் சந்தில் அதே கோட்டை அப்படியே போட்டால், பீடியே தொடாத பெண்கள் ஊதினாலும் கருவியில் சிவப்பு விளக்குதான் எரியும். வரம்பை இறக்க இறக்க ஒளிந்திருப்பவர்கள் அதிகம் பிடிபடுவார்கள், நிரபராதிகளும் அதிகம் பிடிபடுவார்கள். எந்தப் பக்கம் தவறு வந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று யோசித்துத்தான் கோடு போட வேண்டும்.

அண்ணாச்சியிடம் நான் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு ஊதினீங்க?"

"பதினோரு மணி இருக்கும். ரவுண்டு முடிச்சிட்டு நேரா அங்கதான் போனேன்."

என் பதிவேட்டைப் புரட்டினேன். பீடியை விடுவதற்கு முன் முதல் நாள் அவர் என்னிடம் ஊதியபோதும் காலை 11 மணிதான். அன்று 34. அதே வேலை, அதே அடுப்பு, அதே நேரம், 34 இப்போது 13 ஆகியிருக்கிறது. இறங்கிய அந்த 21 எங்கே போனது என்ற கேள்வியை அந்த ஃபைலில் யாரும் எழுப்பவில்லை. ஏனென்றால் பழைய எண் அவர்களிடம் இல்லை. தொடக்க எண் இல்லாமல் எடுக்கும் மூச்சுச் சோதனை அரைச் சோதனைதான் என்று நான் நினைக்கிறேன்.

மிச்சமிருக்கும் 13 அடுப்பிலிருந்து வந்ததா, ஒளித்துக் குடித்த பீடியிலிருந்து வந்ததா? இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். அவர் அடுப்பை விட்டுக் கிளம்பியது காலை 7 மணி. 11 மணிக்கு 13 என்றால், நான்கு மணி நேரத்தில் பாதியாகும் என்று எடுத்துக்கொண்டால், 7 மணிக்கு 26 வாக்கில் இருந்திருக்க வேண்டும். அதே கணக்கில் மாலை 6 மணிக்கு நான்கோ ஐந்தோ இருக்க வேண்டும். நடுவில் பீடி குடித்திருந்தால் அப்படி இறங்காது. மாலை எண் ஏறக்குறைய காலை எண்ணிலேயே நிற்கும், அல்லது ஏறியிருக்கும். புகைக்கிறவர்களுக்குப் பகல் ஏற ஏற எண்ணும் ஏறும். அடுப்புக்காரருக்கு விடியற்காலையில் உச்சத்தில் இருந்து பகல் முழுக்க இறங்கும். இரண்டு வளைவும் எதிரெதிர்.

இதை நான் பையனிடம்தான் சொன்னேன். அவனுக்குக் கணக்கு புரிந்தது, ஆனால் நம்பவில்லை. "சரி, அப்ப சாயங்காலம் ஊதச் சொல்லுங்க" என்றான்.

அன்று மாலை 6 மணிக்குக் கருவியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். முன்னறை 10 அடிக்கு 12 அடி. பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு தடுப்பு, அதுதான் இட்லி போடும் இடம். மண்ணில் பதித்த பெரிய அடுப்பு, பக்கத்தில் உடைத்து அடுக்கிய பேக்கிங் பலகைகள். கூரைத் தகரம் உள்பக்கம் தார் பூசின மாதிரி கறுத்திருந்தது. புகை போக வழி என்று பார்த்தால், சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. மழைக்காலத்தில் தண்ணீர் அடிக்கிறது என்று அதிலும் பாதியைத் தார்ப்பாயால் அடைத்திருந்தார்கள்.

அண்ணாச்சி ஊதினார். 5.

பையன் கருவியைக் கையில் வாங்கி எண்ணைப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். உள்ளே போய்விட்டான்.

ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது என்றுதானே நான் அந்த மருத்துவமனையைக் குறை சொல்கிறேன். அதனால் மறுநாள் காலை 6.45-க்கும் போனேன். அப்போது அடுப்பு அணையும் நேரம். கண் எரிந்தது. அண்ணாச்சி ஊதியபோது 24. என் கணக்கில் வந்த 26-க்குப் பக்கத்தில். அந்த அடுப்படியில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த மதினியைப் பார்த்து, "மதினி, நீங்களும் ஒருதடவை ஊதுங்க" என்றேன்.

"எனக்கெதுக்கு தம்பி? நான் என்ன பீடியா குடிக்கேன்?"

"அதனாலதான் ஊதச் சொல்றேன்."

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, 15 விநாடி கண்ணை மூடி அடக்கி, நிதானமாக ஊதினார். எங்கள் அறைக்கு வரும் பல ஆண்களைவிட நன்றாக ஊதினார். 22. வாழ்க்கையில் பீடியையோ புகையிலையையோ தொடாத ஒரு பெண்ணின் மூச்சில் 22 பிபிஎம். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ரத்தத்தில் ஏறக்குறைய 4 சதவீத ஹீமோகுளோபினை கார்பன் மோனாக்சைடு பிடித்துவைத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். புகைக்காதவருக்கு 1, 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. "காலைல எந்திரிச்சு அடுப்பு வேலை முடியிறப்ப தலை விண்ணுனு இருக்கும். தூக்கம் கெடுறதாலன்னு நெனச்சேன்" என்றார் மதினி. அண்ணாச்சியின் வழக்குக்குச் சாட்சியாகத்தான் நான் அவரை ஊதச் சொன்னேன். அவருடைய எண் தனியாக ஒரு கவலையைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதை அப்புறம் சொல்கிறேன்.

விறகு மட்டுமில்லை. மூடிய அறையில் எரியும் கரி, காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர், நெரிசலில் நிற்கும் வண்டிப் புகை எல்லாம் இந்த எண்ணை ஏற்றும். பால் செரிக்காதவர்களுக்கு வேறொரு சிக்கல். அவர்கள் குடலில் உண்டாகும் ஹைட்ரஜன் மூச்சில் வரும், கருவியின் உணரி அதையும் கார்பன் மோனாக்சைடு என்று எடுத்துக்கொள்ளலாம். அண்ணாச்சிக்கு அது இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சரி, மூச்சு விஷயம் முடிந்தது. சிறுநீர்ச் சோதனை? அதுவும் பாசிட்டிவ்தானே? அந்த மருத்துவர் இரண்டும் சேர்ந்து சொன்னதால்தான் உறுதியாகிவிட்டார். 'இரண்டு சாட்சி ஒரே மாதிரி சொல்கிறது' என்று. ஆனால் அந்த இரண்டு சாட்சிகளும் பார்த்தது இரண்டு வேறு விஷயம். ஒன்று அடுப்பைப் பார்த்தது. மற்றொன்று சூயிங்கம்மைப் பார்த்தது.

நிகோட்டின் உடம்புக்குள் வந்தால் கல்லீரல் அதில் முக்கால்வாசி அளவைக் கோட்டினினாக மாற்றிவிடும். நிகோட்டின் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை பாதியாகக் குறைந்து சீக்கிரம் மறைந்துவிடும். கோட்டினினுக்கு அந்த அரைவாழ்வு சுமார் 16 மணி நேரம். அதனால்தான் கோட்டினினைத் தேடுகிறோம். மூன்று, நான்கு நாள் முன்பு வரைக்கும் அதற்கு ஞாபகம் உண்டு. ஆனால் கல்லீரலுக்கு அந்த நிகோட்டின் எந்த வழியாக வந்தது என்று தெரியாது. பீடி, சிகரெட், கைனி, மாவா, மிஷ்ரி, நாங்களே எழுதிக் கொடுத்த சூயிங்கம், எல்லாமே கடைசியில் ஒரே கோட்டினின்தான். நாளைக்கு எட்டு சூயிங்கம் மெல்லுகிறவருக்குக் கோட்டினின் இல்லாவிட்டால்தான் நான் கவலைப்பட வேண்டும். மருந்தைச் சரியாக மெல்லவில்லை என்று அர்த்தம்.

சூயிங்கம் மெல்லுவது அந்த மருத்துவமனைச் சீட்டில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. "கேட்டாங்களா அண்ணாச்சி?" என்றேன். "சாப்பிடுற மருந்து என்னன்னு கேட்டாவ. இது மிட்டாய்தானேன்னு நான் சொல்லல" என்றார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. இந்த இரண்டு சோதனைகளில் நம் நாட்டுக்கு எது அதிகம் உதவும் என்றால், கோட்டினின்தான். 2016-17-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 21.4 சதவீதம் பேர் மெல்லும், தேய்க்கும் வகைப் புகையிலை பயன்படுத்துகிறார்கள். புகைப்பவர்கள் 10.7 சதவீதம். மெல்லுவதில் எரிவது எதுவும் இல்லை, அதனால் கார்பன் மோனாக்சைடும் இல்லை. உணவு டெலிவரி செய்யும் ஒரு தம்பி எங்களிடம் வந்தான். சிகரெட்டை விட்டு இரண்டு மாதம். மூச்சில் 2 பிபிஎம், பச்சை விளக்கு, எல்லோருக்கும் மகிழ்ச்சி. பேசிக்கொண்டிருக்கும்போது கீழுதட்டை உள்ளே இழுத்துப் பேசுவதைக் கவனித்தேன். கைனி அடக்கியிருந்தான். சிகரெட் போன இடத்தில் கைனி வந்து உட்கார்ந்திருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. 'சிகரெட் விட்டாச்சா?' என்றுதான் நாங்கள் கேட்டோம், விட்டுவிட்டான். மூச்சுக் கருவியும் அதே கேள்விக்குத்தான் பதில் சொன்னது. அதன்பிறகு நான் கேட்கும் முதல் கேள்வியையே மாற்றிக்கொண்டேன்.

கோட்டினின் பாசிட்டிவ் வந்த பலர் சொல்லும் ஒரு காரணம் கத்தரிக்காய். கத்தரிக்காயிலும் தக்காளியிலும் நிகோட்டின் உண்டு என்பது உண்மை. ஆனால் கத்தரிக்காயில் இருப்பது ஒரு கிராமுக்கு 100 நானோகிராம் அளவில். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குள் போவது சுமார் 1 மில்லிகிராம். அதற்கு ஈடாக 10 கிலோ கத்தரிக்காய் சாப்பிட வேண்டும். எண்ணெய்க் கத்தரிக்காய் எவ்வளவு பிடித்தாலும் முடியாது. பக்கத்தில் யாரோ குடித்தார்கள் என்பதும் பெரும்பாலும் செல்லாது. மற்றவர் புகையால் சேரும் கோட்டினின் மிகக் குறைவு. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சாதாரணச் சோதனைப் பட்டைகள் பல, மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம் இருந்தால்தான் பாசிட்டிவ் காட்டும்படி செய்யப்பட்டவை. அந்த அளவுக்குப் பக்கத்துவீட்டுப் புகை கொண்டுபோகாது.

பீடியிலிருந்து வந்த நிகோட்டினையும் சூயிங்கம்மிலிருந்து வந்ததையும் பிரித்துச் சொல்லும் சோதனை இல்லையா என்றால், இருக்கிறது. புகையிலைச் செடியில் நிகோட்டினோடு கூடவே அனபசின், அனடபின் என்ற வேறு சில ஆல்கலாய்டுகளும் இருக்கின்றன. மருந்தாகச் செய்யும் சூயிங்கம்மில் அவை இருக்காது. சிறுநீரில் அனபசின் தெரிந்தால் இலையிலிருந்து வந்திருக்கிறது, தெரியாமல் கோட்டினின் மட்டும் இருந்தால் மருந்திலிருந்து வந்திருக்கிறது. ஆனால் அது பட்டையை நனைத்துப் பார்ப்பது இல்லை. பெரிய ஆய்வகக் கருவியில் பார்க்க வேண்டும். எங்களிடம் அந்த வசதி கிடையாது, அந்த மருத்துவமனையிலும் இல்லை என்றார்கள். இருந்திருந்தாலும் கைனியையும் பீடியையும் அது பிரித்துச் சொல்லாது. இரண்டும் இலைதானே.

அதனால் எங்களுக்கு இருந்த வழி ஒன்றுதான்: சூயிங்கம்மை நிறுத்திவிட்டுக் கோட்டினின் பார்ப்பது. இதில் எனக்குத் தயக்கம் இருந்தது. ஒரு சோதனையில் தேறுவதற்காக மருந்தை நிறுத்தச் சொல்வது தப்பு. மருந்தை அவசரமாக நிறுத்தி மறுபடி பீடிக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அண்ணாச்சியிடம் அதை வெளிப்படையாகச் சொன்னேன். அவர்தான் பிடிவாதமாக இருந்தார். "பையன் பாக்கணும்யா. அவன் கண்ணு முன்னால பாக்கணும்" என்றார். அறுவை சிகிச்சைத் தேதிதான் தள்ளிப் போயிருந்ததே, கையில் நாள் இருந்தது. எட்டை ஐந்தாக்கி, ஐந்தை மூன்றாக்கி, இரண்டு வாரத்துக்குள் பூஜ்யத்துக்கு வந்தார். 36-வது நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கடைசி சூயிங்கம்.

வியாழக்கிழமை காலை சோதனை. ஞாயிறு ராத்திரியிலிருந்து சுமார் 84 மணி நேரம். 16 மணிக்கு ஒருமுறை பாதி என்றால் ஐந்து முறைக்குக் கொஞ்சம் மேலே பாதியாகியிருக்கும், அதாவது 32-ல் ஒரு பங்குக்கும் கீழே. தொடக்கத்தில் 1,200 நானோகிராம் இருந்ததாக வைத்தாலும் 40-க்குக் கீழே வந்திருக்கும், பட்டையின் 200-க்கு ரொம்பக் கீழே. இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: பீடி குடிக்கிற ஒருவர் நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாலும் இதே பட்டையில் தேறிவிடுவார். ஆகவே தேதியை முன்கூட்டிச் சொல்லி எடுக்கும் ஒரே ஒரு கோட்டினின் சோதனைக்கும் பெரிய மதிப்பில்லை. அண்ணாச்சி அந்த இரண்டு வாரத்தில் மூன்று மாலைகள் சொல்லாமல் கொள்ளாமல் நான் போனபோதெல்லாம் ஊதினார். 4, 5, 4. சொல்லாமல் எடுத்த அந்த மூன்று எண்களும் இந்தப் பட்டையும் சேர்ந்துதான் எனக்குச் சாட்சி.

வியாழக்கிழமை எங்கள் அறைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்தான் பட்டையை நனைத்தாள். சிறுநீர்க் கோப்பையைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். நிறமும் பார்க்க வேண்டும். சிலர் காலையிலிருந்து மூன்று லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். பச்சைத்தண்ணீர் மாதிரி இருந்தால் கோட்டினின் நீர்த்துப் போயிருக்கும். நல்ல மஞ்சளாக, சூடாக இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துப் பட்டையைத் தூக்கிப் பார்த்தவள் முகம் வாடிவிட்டது.

"அண்ணே, கட்டுப்பாட்டுக் கோடு நல்லாத் தெரியுது. சோதனைக் கோடு ரொம்ப மங்கலா இருக்கு. பாசிட்டிவா?"

அண்ணாச்சியும் பையனும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

கர்ப்பப் பரிசோதனைப் பட்டையைப் பார்த்துப் பழகினவர்கள் எல்லோருக்கும் இந்த இடத்தில் தடுமாற்றம் வரும். அதில் இரண்டாவது கோடு வந்தால் பாசிட்டிவ். கோட்டினின் பட்டையில் நேர்மாறு. பட்டையில் ஒட்டியிருக்கும் கோட்டினினும் சிறுநீரில் வரும் கோட்டினினும், சாயம் ஏற்றிய எதிர்ப்புரதத்துக்காகப் போட்டி போடுகின்றன. சிறுநீரில் கோட்டினின் நிறைய இருந்தால் அதுவே அத்தனையையும் பிடித்துக்கொள்ளும், சோதனைக் கோட்டில் ஒன்றும் ஒட்டாது, கோடு வராது. கோடு இல்லையென்றால் பாசிட்டிவ். எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு இருந்தால் நெகட்டிவ். இதைத் தலைகீழாகப் படித்துப் பாவம் எத்தனை பேர் தலையில் பழியைப் போட்டிருக்கிறார்களோ.

இதை நான் வாயால் விளக்கியிருந்தால் பையனுக்கு நான் அவன் அப்பாவைக் காப்பாற்றப் பார்க்கிற மாதிரிதான் தோன்றியிருக்கும். அதனால் அதே டப்பாவிலிருந்து இன்னொரு பட்டையை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய் என் சிறுநீரைப் பிடித்து வந்தேன். நான் வாழ்நாளில் புகையிலை தொட்டதில்லை. ஐந்து நிமிடம் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றோம். என் பட்டையிலும் சோதனைக் கோடு மங்கலாகத்தான் வந்தது. அந்த டப்பாவின் பட்டைகளே அப்படி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். எது அண்ணாச்சியுடையது, எது என்னுடையது என்று சொல்ல முடியவில்லை.

பையன் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தான். அப்புறம் அவன் அப்பாவிடம், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டான். 40 நாளாகப் பீடி தொடாத மனிதர் அன்று என் அறையில் அழுதார்.

அறுவை மருத்துவருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். குற்றம் சொல்லி எழுதவில்லை. நேரத்தோடு எண்களை மட்டும் வரிசையாக வைத்தேன்: விடுவதற்கு முன் 34, உங்கள் அறையில் 13, அன்று மாலை 5, மறுநாள் அடுப்படியில் அவருக்கு 24, புகைக்காத அவர் மனைவிக்கு 22, சொல்லாமல் எடுத்த மூன்று மாலைகள், சூயிங்கம் நிறுத்தி நான்காவது நாள் கோட்டினின் நெகட்டிவ். மருத்துவர் தேதி கொடுத்தார். கூடவே ஒரு கேள்வியும் எழுதி அனுப்பியிருந்தார்: அறுவை சிகிச்சைக்கு முன் இந்த அடுப்பிலிருந்து ஒரு வாரம் விலகியிருக்க முடியுமா? நல்ல கேள்வி. பீடியிலிருந்து வந்தாலும் பலகையிலிருந்து வந்தாலும் ரத்தத்தில் ஆக்சிஜன் இடத்தைப் பிடிக்கும் கார்பன் மோனாக்சைடு ஒன்றுதான். புண் ஆறுவதற்கு அந்த ஆக்சிஜன்தான் வேண்டும்.

ஒரு வாரம் அடுப்பு அணைந்தால் வாடிக்கை போய்விடும் என்று அண்ணாச்சி பயந்தார். மதினியின் 22-ம் என் மனதில் கிடந்தது. தெருவில் இன்னொரு இட்லிக்காரர் கேஸுக்கு மாறியபோது விட்டுப்போன பெரிய பர்னர் ஒன்று கிடைத்தது. பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு உட்கார்ந்து தார்ப்பாயைப் பிய்த்தான், கூரைத் தகரத்தை ஓர் ஓரமாக வெட்டித் தூக்கி நிறுத்தினான், மழை அடிக்காத மாதிரி மேலே சாய்வாக ஒரு தகடு வைத்தான். கேஸுக்குச் செலவு கூடுகிறது, ஒரு தட்டு இட்லிக்கு விலையைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியதாயிற்று.

இப்போது எங்கள் அறையில் மூச்சு எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று கட்டம் சேர்த்திருக்கிறேன். மணி என்ன, கடைசியாக அடுப்படியில் நின்றது எப்போது, வாயில் என்ன வைத்திருக்கிறார். மூன்றாவது கட்டத்தில் சூயிங்கம்மும் வரும், கைனியும் வரும்.

தையல் பிரித்த பிறகு ஒரு விடியற்காலை 6.45-க்கு மறுபடி அவர்கள் வீட்டுக்குப் போனேன். கண் எரியவில்லை. அண்ணாச்சி ஊதினார், 6. மதினி இந்தத் தடவை நான் கேட்காமலே அட்டைக் குழாயை வாங்கிக்கொண்டார். 15 விநாடி கண்ணை மூடி நின்று ஊதிவிட்டு, "எனக்கு எவ்வளவு தம்பி?" என்றார்.

7.